ஆறு மணி என்றால் யாருடைய ஆறு மணி?

(வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர்களைப் பராமரிப்பது பற்றிப் பழைய மாணவிகளுக்காக நடத்தப்பட்ட எட்டு வார இணையவழி வகுப்பின் முதல் நேரலையில், 2025 ஒக்ரோபர் 4ஆம் திகதி, வகுப்பை நடத்தும் வைத்தியர் தன்னை அறிமுகம் செய்து ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



காலை வணக்கம், மாலை வணக்கம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ரொறன்ரோவில் இருப்பவர்கள் காலைத் தேநீரோடு இருக்கிறீர்கள். லண்டனில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். எங்களுக்கு இங்கே விளக்கேற்றும் நேரம். சிட்னியில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு வந்து இருக்கிறீர்கள். ஆகவே எல்லாருக்கும் வணக்கம் ஒன்றே.

என் குரல் கேட்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்காதவருக்கு அந்தக் கேள்வியும் கேட்காது. கேட்கிறவர்கள் மட்டும் "ஓம்" என்பார்கள், நானும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பேன். அதனால்தான் அந்தக் கேள்வியைத் திரையில் எழுத்திலே போட்டிருக்கிறேன். குரல் வராதவர்கள் உரையாடல் பெட்டியில் 0 என்று தட்டினால் போதும். எங்கள் சங்கத்துத் தங்கச்சி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதுவார்.

இனி என்னைப் பற்றி. நான் 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய வகுப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தேன். இப்போது வட மாகாணத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் வேலை செய்கிறேன். அங்கே என் மேசைக்கு முன்னால் வந்து இருப்பவர்களில் பெரும்பகுதியினர் சீனி வருத்தம் உள்ள வயதானவர்கள். அம்மா கதிரையில் இருப்பார். அவருடைய கையிலே கைத்தொலைபேசி இருக்கும். அதற்குள்ளே பரிஸிலிருந்தோ மார்க்கத்திலிருந்தோ மகள் இருப்பார். "டொக்டர், அம்மாவுக்கு நேற்று ஆறு தசம் ஐந்து இருந்தது, அது கூடவா?" என்று மகள் கேட்பார். அம்மாவோ "அவளுக்குச் சொல்லாதையுங்கோ, பயந்துபோவாள்" என்று எனக்குக் கண்ணைக் காட்டுவார். இந்த வகுப்பைத் தொடங்கியது அந்த மகள்மாருக்காக. உங்களில் பலர் அவர்கள்தான்.

பட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டினால் என்னைப் பற்றி உங்களுக்குத் தேவையானது ஒன்றும் தெரியவராது. பல நாட்டிலிருந்து ஒரு வகுப்பில் கூடும்போது, முன்னால் நின்று பேசுகிறவரைப் பற்றி நான்கு விடயம் தெரிந்தால் போதும். எப்போது இருப்பார், எது அவரால் முடியாது, எந்தக் கணக்கில் பேசுவார், உங்கள் கேள்வி அவரிடம் எப்படிப் போகும். இந்த நான்கையும் சொல்வதே என்னுடைய அறிமுகம்.

முதலில் நேரம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் இலங்கை நேரம் பின்னேரம் 6:00 மணிக்கு நான் இந்தத் திரையில் இருப்பேன். இன்று தொடங்கி நவம்பர் 22 வரை எட்டு வாரம். "இலங்கை நேரம்" என்ற சொல்லைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த எட்டு வாரத்துக்குள் உங்களில் பலருடைய கடிகாரம் மாறப்போகிறது, அதுவும் ஒரே நாளில் இல்லை.

இன்று கணக்கு இப்படி. இங்கே 6:00 என்றால் லண்டனில் மத்தியானம் 1:30, பரிஸிலும் ஒஸ்லோவிலும் 2:30, ரொறன்ரோவில் காலை 8:30, சிட்னியில் இரவு 10:30. சிட்னி, மெல்பேர்ன் அக்காமாருக்கு இன்றிரவு விடியுமுன்னே முதல் மாற்றம் வருகிறது. அங்கே ஒக்ரோபர் முதலாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே போகிறது. ஆகவே அடுத்த கிழமை முதல் உங்களுக்கு இந்த வகுப்பு இரவு 11:30க்கு. ஆனால் பிறிஸ்பேனில் இருப்பவர்களுக்கு மாற்றமில்லை. அந்த மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

இரண்டாவது மாற்றம் ஐரோப்பாவில். ஒக்ரோபர் 26, கடைசி ஞாயிறு, பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னே வரும். நவம்பர் 1ஆம் திகதி வகுப்பு லண்டனில் 12:30க்கு, பரிஸில் 1:30க்கு. அன்று ரொறன்ரோவுக்கு இன்னும் 8:30தான். அதற்கு அடுத்த நாள், நவம்பர் 2, கனடாவிலே மாறும். நவம்பர் 8 முதல் ரொறன்ரோவில் காலை 7:30.

இதிலே தவறு எப்படி வரும் என்று சொல்கிறேன். "சனி காலை எட்டரை, டொக்டருடைய வகுப்பு" என்று ரொறன்ரோவில் ஒருவர் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்துவிடுகிறார். ஐந்து கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆறாவது கிழமை அவர் வரும்போது நாங்கள் வகுப்பை முடித்துக்கொண்டிருப்போம். லண்டனில் அப்படி வைத்தவர் ஐந்தாவது கிழமையே பிந்திவிடுவார். சிட்னியில் வைத்தவர் அடுத்த கிழமை ஒரு மணித்தியாலம் முந்தி வந்து, ஒருவரும் இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று பேரும் செய்தது ஒரே வேலை. மூன்று விதமாய்த் தவறுகிறது.

அலாரம் வைக்காதீர்கள். நான் அனுப்பிய நாட்காட்டி அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அது Asia/Colombo என்ற நேர வலயத்தில் போடப்பட்டிருக்கிறது. உங்கள் ஊர்க் கடிகாரம் மாறும்போது அழைப்பிலுள்ள நேரமும் தானாக மாறும். சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. இப்போதே நாட்காட்டியைத் திறந்து நவம்பர் 8ஆம் திகதியைப் பாருங்கள். ரொறன்ரோவில் 7:30 என்று காட்டினால் சரி. 8:30 என்று காட்டினால், அழைப்பை ஏற்காமல் நீங்களே கையால் எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் எங்களுடைய நேரத்தை அடிப்படையாக வைத்தேன் என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். இங்கே இருப்பவர்களுக்கு வசதி என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. பெரிய காரணம், இந்தக் கடிகாரம் இப்போது அசைவதில்லை என்பதுதான். மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் எங்களுக்குப் பகல் பொழுது வருடம் முழுவதும் பெரிதாக மாறாது. கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளுவதில் வருகிற இலாபமும் குறைவு. இருந்தாலும் ஒருகாலத்தில் தள்ளிப் பார்த்தோம். என்னுடைய வயதுக்காரருக்கு நினைவிருக்கும். 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அதிலே அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரையில்தான் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் எதற்கு அழைத்தாலும் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை. கலியாண வீட்டுக்கும் கேட்டோம், ரியூசனுக்கும் கேட்டோம். இந்த எட்டு வாரமும் அந்தக் கேள்வியை மறக்காமல் வைத்திருங்கள், "யாருடைய நேரம்?" என்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தை எடுத்தாலும் ஒருவருக்கு நட்டம் வரும். சிட்னியில் இரவு 11:30க்கு ஒருவரைக் கண்விழித்திருக்கச் சொல்வது நியாயமில்லை. வன்கூவரில் இப்போது காலை 5:30. அங்கேயும் இரண்டு தங்கைமார் எழும்பி இருக்கிறார்கள். அதற்காக ஞாயிற்றுக்கிழமை இலங்கை நேரம் காலை 10:00 மணிக்கு இன்னொரு நேரலை வைத்திருக்கிறேன். அது சிட்னியில் ஞாயிறு பின்னேரம் 3:30. வன்கூவரில் சனி இரவு 9:30. இரண்டு பேரும் ஒரே திரையில் இருப்பார்கள், ஆனால் வேறு வேறு கிழமையில். சனிக்கிழமைப் பாடத்தையே ஞாயிறும் சொல்வேன். ஏதாவது ஒன்றுக்கு வந்தால் போதும்.

இரண்டாவது, என்னால் முடியாதது.

நான் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்த வைத்தியர். அந்தப் பதிவு இந்த நாட்டுக்கு உரியது. பிரித்தானியாவில், ஒன்ராறியோவில், அவுஸ்திரேலியாவில் வைத்தியம் செய்ய அந்தந்த இடத்துச் சபையின் பதிவு வேண்டும். அது என்னிடம் இல்லை. ஆகவே உங்களுடைய சொந்த வருத்தத்துக்கு இந்த வகுப்பில் நான் மருந்து சொல்ல மாட்டேன். அதற்கு உங்கள் ஊர் வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

"என்னுடைய அம்மா யாழ்ப்பாணத்தில்தானே இருக்கிறார், அவருக்குச் சொல்லலாம்தானே" என்று கேட்பீர்கள். அவருக்கும் திரையிலிருந்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க மாட்டேன். பதிவு இருந்தாலும், நான் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து மருந்து அனுப்புகிற பிள்ளைகளுக்கு முக்கியமானது.

கிளிக்கிளசைட் என்று ஒரு குளிசை. இங்கே நிறையப் பேர் போடுகிறார்கள். சாதாரணக் குளிசை 80 மில்லிகிராம். அதே மருந்து மெதுவாகக் கரையும் குளிசையாக 30, 60 மில்லிகிராமிலும் வருகிறது. சாதாரணக் குளிசை 80 மில்லிகிராமும், மெதுவாகக் கரைவது 30 மில்லிகிராமும் ஏறத்தாழ ஒரே பலம். ஒருவர் அங்கேயிருந்து மெதுவாகக் கரையும் 60 மில்லிகிராம் குளிசையை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பெட்டியைப் பார்க்கிறார். 80ஐவிட 60 குறைவுதானே என்று நினைத்து, பழைய குளிசை ஒன்றுக்குப் பதிலாக இதில் ஒன்றைப் போடுகிறார். உண்மையில் அவர் போட்டது முன்னையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அன்றைக்குச் சாப்பாடும் குறைந்தால் சீனி இறங்கிவிடும். பெட்டியில் இருக்கிற இலக்கத்தை மட்டும் கேட்டு நான் இங்கேயிருந்து "ஒன்று போடச் சொல்லுங்கோ" என்றால், இதே விபத்தை நானே செய்து வைப்பேன்.

நான் செய்யக்கூடியது வேறு. அம்மாவின் கிளினிக்கில் என்ன கேட்கவேண்டும், அவர் தருகிற தகவலில் எது அவசரம், எது பொறுக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தருவேன். அவசரமென்றால் இந்த வகுப்பில் எழுதிக் காத்திருக்க வேண்டாம். இலங்கையில் அம்புலன்ஸுக்கு 1990. அது உள்நாட்டு இலக்கம்; ரொறன்ரோவிலிருந்து அழுத்தினால் இங்கே மணி அடிக்காது. அம்மாவின் பக்கத்து வீட்டில் யாராவது ஒருவருடைய இலக்கத்தை இன்றைக்கே வாங்கி வையுங்கள். அவர்தான் 1990ஐ அழைக்கவேண்டியவர்.

மூன்றாவது, நான் பேசப்போகும் கணக்கு.

சொல்லில் பெரிய சிக்கல் இல்லை. பாட்டி காலத்தில் சலரோகம் என்றோம், இப்போது சீனி வருத்தம் என்கிறோம், புத்தகத்தில் நீரிழிவு என்று இருக்கும். சென்னையிலிருந்து வந்திருக்கிற தங்கச்சி சர்க்கரை நோய் என்பார். நான் சீனி வருத்தம் என்றே சொல்வேன். யார் எப்படிச் சொன்னாலும் விளங்கும்.

இலக்கத்தில் அப்படியில்லை. இரத்தத்தில் சீனியை உலகம் இரண்டு விதமாக அளக்கிறது. இலங்கையில், இந்தியாவில், அமெரிக்காவில், பிரான்சில் mg/dL என்ற அலகு. கனடாவில், பிரித்தானியாவில், அவுஸ்திரேலியாவில், நோர்வேயில் mmol/L. இரண்டாவதைப் பதினெட்டால் பெருக்கினால் முதலாவது வரும். அங்கே 7.0 என்றால் இங்கே 126. இவ்வளவுதான் கணக்கு.

கணக்கு இலேசு. ஆனால் தொலைபேசியில் அலகைச் சொல்கிறவர் யாரும் இல்லை. "அம்மா, இன்றைக்கு எவ்வளவு?" "நூற்று இருபத்தாறு." அவ்வளவுதான் கதை. இதிலே என்ன நடக்கலாம் என்று ஒரு வீட்டை மனதில் வைத்துப் பார்ப்போம்.

மகள் கனடாவிலிருந்து நல்ல கருவி ஒன்றை வாங்கி அம்மாவுக்கு அனுப்புகிறார். அங்கே விற்கிற கருவி mmol/L இல் காட்டும். பெரும்பாலான கருவிகளில் அதை வீட்டில் மாற்ற முடியாது. தொழிற்சாலையிலேயே அப்படிப் பூட்டி அனுப்புவார்கள். அம்மா இங்கே விரலைக் குத்திப் பார்க்கிறார். திரையில் 12.6. அம்மாவுக்கு ஒரு கண்ணில் கற்றரக்ற் இருக்கிறது. அந்தச் சின்னப் புள்ளி தெரியவில்லை. அவர் வாசிப்பது 126. இருபது வருடமாக கிளினிக் கொப்பியில் 126, 140, 180 என்று பார்த்துப் பழகியவர். "நல்லாயிருக்கு" என்று கொப்பியில் எழுதுகிறார். உண்மை அளவு எங்கள் கணக்கில் 227. மூன்று மாதம் இப்படி எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தால், கொப்பியில் எல்லாம் அழகாக இருக்கும்; காலில் புண் மட்டும் ஆறாமல் இருக்கும்.

அதே கருவி இன்னொரு நாள் 5.4 காட்டுகிறது. அது சரியான அளவு, எங்கள் கணக்கில் 97. ஆனால் புள்ளி தெரியாதவருக்கு அது 54. எங்கள் கணக்கில் 70க்குக் கீழே போனால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அம்மா பயந்துபோய்ச் சீனித் தண்ணீர் குடிக்கிறார், பின்னேரக் குளிசையையும் விடுகிறார். தேவையே இல்லை.

ஆகவே ஒரே புள்ளி, கூடியதை நல்லது என்றும் நல்லதைக் குறைந்தது என்றும் காட்டுகிறது. இது அம்மாவின் கவனக்குறைவு இல்லை. எழுபது வயதில், மங்கலான கண்ணில், அறிமுகமில்லாத அலகில் ஒரு புள்ளியைத் தேடச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் எது என்று எப்படி அறிவது? கருவியின் திரையில் இலக்கத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அலகு இருக்கும். அம்மாவை வாசிக்கச் சொல்லாதீர்கள். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு அடையாளம், mmol/L கருவி எப்போதும் ஒரு தசமத்தோடு காட்டும். ஏழு என்றாலும் 7.0 என்றுதான் வரும். mg/dL கருவியில் புள்ளியே வராது. அம்மா "ஒரு நாளும் புள்ளி இல்லை" என்று சொன்னால், அவருடைய இலக்கமெல்லாம் 60க்கும் 90க்கும் நடுவிலேயே நிற்கிறது என்றால், சந்தேகப்படுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படி நிற்பது வழக்கமில்லை. புள்ளி காணாமற் போயிருக்கலாம்.

இந்த வகுப்பில் நான் எந்த அளவைச் சொன்னாலும் முதலில் இலங்கைக் கணக்கில், பிறகு மற்றதில், இரண்டிலும் சொல்வேன். "எழுபது, அதாவது மூன்று தசம் ஒன்பது" என்று. கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். நீங்களும் எனக்கு எழுதும்போது வெறும் இலக்கம் எழுதவேண்டாம். இலக்கம், அலகு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, நேரம். நேரம் என்றால், எந்த ஊர் நேரம். "காலை 7 மணிக்கு 180" என்று மெல்பேர்னிலிருந்து ஒருவர் எழுதினால், அது மெல்பேர்ன் காலையா அம்மாவின் காலையா என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் காலை என்றால் வெறும் வயிறு. மெல்பேர்ன் காலை என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணித்தியாலமோ இரண்டோ. இராச் சாப்பாடு சாப்பிட்டுக் கன நேரம் ஆகியிருக்காது. வெறும் வயிற்றில் 180 ஒரு கதை, சாப்பிட்ட பிறகு 180 இன்னொரு கதை.

நான்காவது, உங்கள் கேள்வி.

இந்தப் பாடத்தின் முதல் முப்பது நிமிடம் ஒலிப்பதிவாகிறது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி தெரிகிறதல்லவா, அதுதான். அதைச் சங்கத்தின் உறுப்பினர் எவரும் பிறகு பார்க்கலாம். கேள்வி நேரம் தொடங்கும்போது நானே பதிவை நிறுத்திவிட்டு, நிறுத்திவிட்டேன் என்று வாயாலும் சொல்வேன். அதன் பிறகுதான் வீட்டுக் கதை பேசலாம்.

உரையாடல் பெட்டியில் எழுதுவதற்கு முன் மேலே பாருங்கள். Everyone என்று இருந்தால் திரையிலுள்ள அறுபது பேரும் வாசிப்பார்கள். அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து அங்கே போடவேண்டாம். அம்மாவின் பெயர், வயது, கிளினிக் இலக்கம் எல்லாம் அதிலே இருக்கும். எங்களில் பாதிப் பேர் ஒரே ஊர். ஒருவருடைய அம்மாவின் வருத்தம் இன்னொருவருடைய மாமியாருக்கு இன்றிரவே போய்ச் சேர்ந்துவிடும். அம்மாவிடம் கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருக்க மாட்டார். கேள்வியைப் பெயரில்லாமல் எழுதுங்கள்: "எழுபத்திரண்டு வயது, இன்சுலின் போடுகிறார், விடியப்புறத்தில் வியர்க்கிறது" என்றால் எனக்குப் போதும்.

பேசத் தயங்குகிறவர்கள் எழுதலாம், எழுதத் தெரியாதவர்கள் குரலில் அனுப்பலாம், நேரலைக்கு வரமுடியாதவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் கேள்வியை அனுப்பி வைக்கலாம். அவற்றுக்குத்தான் சனிக்கிழமை முதலில் பதில் சொல்வேன். வராதவருடைய கேள்விக்குக் கடைசியில் பதில் சொன்னால், நேரம் போதாதென்று அது ஒவ்வொரு கிழமையும் தள்ளிப்போகும்.

இப்போது உங்களுடைய முறை. அறுபது பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் இன்றைய வகுப்பு அறிமுகத்திலேயே முடிந்துவிடும். அதனால் எழுத்தில் செய்வோம். முதலில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, Rename என்பதைத் தெரிவுசெய்யுங்கள். திரையில் ஆறு பேர் iPhone என்ற பெயரில் இருக்கிறீர்கள். நான் யாரைக் கூப்பிடுவது? கலியாணத்துக்குப் பிறகு மாறிய பெயரை எழுதாமல், பாடசாலையில் உங்களை எப்படிக் கூப்பிட்டோமோ அந்தப் பெயரை எழுதுங்கள். பக்கத்து மேசையில் ஐந்து வருடம் இருந்தவள் இதே திரையில் இருந்தும் தெரியாமல் போகக்கூடாது.

பிறகு உரையாடல் பெட்டியில் ஒரே ஒரு வரி. உயர்தர ஆண்டு, இருக்கிற நகரம், யாருக்காக வந்திருக்கிறீர்கள். யாருக்காக என்பது எனக்கு மிகவும் முக்கியம். அம்மா தனியாக இருக்கிறாரா, யாரோடும் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் அடுத்த கிழமைப் பாடத்தை அமைப்பேன். தனியாக இருப்பவருக்கு இரவில் சீனி இறங்கினால் எழுப்ப ஆளில்லை. அந்த வீட்டுக்கு ஒரு பாடம், ஆளிருக்கும் வீட்டுக்கு இன்னொரு பாடம்.

என்னுடைய வரியை நானே முதலில் எழுதுகிறேன். "2001. யாழ்ப்பாணம். மாமிக்காக." என் கணவரின் அம்மா எங்களோடு இருக்கிறார், காலையும் பின்னேரமும் இன்சுலின் போடுகிறார். அவருடைய ஒரு கிழமைக் கொப்பியை அவருடைய சம்மதத்தோடு அடுத்த சனிக்கிழமை திரையில் காட்டுவேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு: தீபாவளிக்கு வாங்கி ஒளித்துவைத்த பலகாரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கக்கூடாது.

நீங்களும் இந்தக் கிழமை ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். இன்று வீட்டுக்கு எடுக்கும்போது "எவ்வளவு?" என்று கேட்காமல், கருவியின் திரையைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். அலகு எது, புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கொப்பியில் முன்னர் எழுதிய இலக்கங்களோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். கருவியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.

இங்கே இப்போது நேரம் 6:30. பதிவை நிறுத்துகிறேன். நிறுத்திவிட்டேன். முதல் கேள்வி ஒஸ்லோவிலிருந்து வந்திருக்கிறது. அவர் இன்று நேரலைக்கு வரவில்லை. அதிலிருந்து தொடங்குவோம்.